உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி: எத்தனை நாள் பொறுக்கலாம்?

பளைப் பக்கத்தில் தென்னந்தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு நிற்கிறவரின் குதிக்காலில் ஒரு கறுப்புத் தெரிந்தால், அதை மச்சம் என்று யாரும் நினைப்பதில்லை. முள் ஏறிய இடம், பனங்கருக்குக் கிழித்த தழும்பு, கால் ஆணி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு மச்சம் மாறுகிறதா என்று எங்கள் மக்கள் முதலில் கவனிக்கவேண்டிய இடமே அந்தக் குதிக்கால்தான்.

எங்கள் தோலில் அது எங்கே வரும்

தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் புற்றாக மாறும்போது அதை மெலனோமா என்கிறோம். வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு அது வெயில் பட்ட முதுகிலும் காலிலும் அதிகம் வரும். நாங்கள் படிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் அவர்களுக்காக எழுதப்பட்டவை. எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே அது கூடுதலாகப் பிடிக்கும். வெயில் படாத இடங்கள் என்பதால் குடையோ கிறீமோ அங்கே காவல் இல்லை. கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. முகத்தில் உள்ள மச்சத்தைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறோம். உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வகை பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது.

பொப் மார்லியின் பெருவிரல்

ஜமேக்காவின் பாடகர் பொப் மார்லிக்கு நடந்தது இதுதான். அவர் உதைபந்தாட்டப் பிரியர். வலது கால் பெருவிரலில் இருந்த புண்ணை விளையாட்டில் பட்ட காயம் என்றே எண்ணினார்கள். 1977இல் நகத்தடியில் மெலனோமா இருப்பது தெரியவந்தது. விரலை எடுக்கச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடித்தசையையும் மட்டும் வெட்டி எடுத்துத் தோல் ஒட்டினார்கள். 1980 செப்டம்பரில் நியூயோர்க் பூங்கா ஒன்றில் ஓடும்போது விழுந்தார். அதற்குள் நோய் மூளைவரை பரவியிருந்தது. 1981 மே 11இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

காயம் என்ற விளக்கம் கையோடு கிடைத்ததுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. எங்கள் ஊரில் அந்த விளக்கம் எல்லோர் காலிலும் தயாராக இருக்கிறது.

புள்ளி போட்டுப் பார்ப்பது

மச்சம் மாறுகிறது என்றால் இரவோடிரவாக ஓடவேண்டியதில்லை. வாரக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய விஷயம் அது. வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு வீட்டிலும் உதவும். பருமன் மாறியிருந்தால் 2 புள்ளி, விளிம்பு கோணல்மாணலாக இருந்தால் 2, நிறம் ஒரே சீராக இல்லாமல் கபிலமும் கறுப்பும் கலந்திருந்தால் 2. குறுக்களவு 7 மில்லிமீற்றர் அல்லது அதற்குமேல் என்றால் 1. சிவந்து வீங்கினால் 1. நீர் கசிந்தால் அல்லது பொருக்குக் கட்டினால் 1. அரிப்போ வேறு மாதிரியான உணர்வோ இருந்தால் 1. மொத்தம் 3 அல்லது அதற்குமேல் வந்தால் இரண்டு கிழமைக்குள் நிபுணர் பார்க்கவேண்டும்.

ஐம்பது வயதுக் கமக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். குதிக்காலில் மிளகளவு இருந்த கறுப்பு, ஒரு வருடத்தில் 9 மில்லிமீற்றர் ஆகிவிட்டது. ஒரு பக்கம் விளிம்பு மங்கி வெளியே ஓடுகிறது. நடு கறுப்பு, ஓரம் கபிலம். நோ இல்லை, இரத்தம் இல்லை. பருமனுக்கு 2, விளிம்புக்கு 2, நிறத்துக்கு 2, அளவுக்கு 1 என 7 வருகிறது. நோகவில்லை என்பதால் அவர் அறுவடை முடியட்டும் என்று இருந்துவிடுவார். இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோவுக்காகக் காத்திருப்பது தவறான அளவுகோல்.

கர்ப்பிணிப் பெண் ஒருவரின் வயிற்றில் உள்ள மச்சம் வட்டம் குலையாமல், சீராகக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அவருக்கு அவசரம் இல்லை. அடுத்த கிளினிக்கில் காட்டினால் போதும்.

இந்தக் கணக்குக்கு ஓட்டை ஒன்று உண்டு. சில மெலனோமா உருண்டையாக, ஒரே நிறமாக, இறுக்கமான கட்டியாக மேலெழும். புள்ளி குறைவாகவே வரும். ஒரு மாதத்துக்கு மேலாக வளர்ந்துகொண்டே இருக்கும் இறுக்கமான கட்டி எந்த நிறமானாலும், எண்ணிக்கை பாராமல் அந்தக் கிழமையே காட்டவேண்டும். இரண்டு மாதமாகியும் ஆறாத உள்ளங்கால் புண்ணும் அப்படித்தான், கறுப்பே இல்லாவிட்டாலும்.

நகத்துக்கு வேறு கணக்கு

நகத்தில் கல் விழுந்து இரத்தம் கட்டினால் அதுவும் கறுக்கும். வேறுபடுத்த ஒரு வழி இருக்கிறது. கறுப்பின் அடி எல்லைக்கு நேரே நகத்தில் சிறு கீறல் போட்டு, திகதியோடு கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் வளரும். இரத்தக் கட்டு என்றால் கீறலோடு சேர்ந்து முன்னே நகரும், அடியில் தெளிந்த நகம் தெரியும். இரண்டு மாதத்தில் நகராமல் அடியிலிருந்தே கறுப்பு வந்துகொண்டிருந்தால் காட்டவேண்டும்.

எங்கள் மக்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கபிலக் கோடுகள் இருப்பது வழமை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் பட்டைதான் கவலை தருவது. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலிலும் படிந்திருந்தால் கீறல் போட்டுக் காத்திருக்கவேண்டாம்.

பயப்படத் தேவையில்லாதவை

வயதாக ஆக முகத்திலும் கழுத்திலும் மிளகுபோல் எழும் சிறு கறுப்பு முளைகள் பாதிப்பில்லாதவை. போர்க்காலத்தில் சன்னமோ வெடிமருந்துத் துகளோ தோலுக்குள் தங்கி நீலக்கறுப்பாகத் தெரிவது இந்தப் பகுதியில் பலருக்கு உண்டு. வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் அது மச்சமே அல்ல. வைத்தியருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். அவர் பார்த்தவுடன் தடுமாறமாட்டார்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்

பளை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏ9 வீதியில் ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரம். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் மாற்றத்தை நீங்கள் சொல்வதைவிடத் தெளிவாகக் காட்டும்.

சந்தேகமான மச்சத்தை இரண்டு மில்லிமீற்றர் நல்ல தோலோடு முழு ஆழத்துக்கும் வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். உள்ளங்காலில் பெரிதாக இருந்தால் தடித்த இடத்தில் ஒரு துண்டு மட்டும் எடுக்கலாம். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம் ஆதாரமற்றது. சுண்ணாம்பு வைப்பதும், முடியால் கட்டி அறுப்பதும், அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பதும்தான் கெடுதல். மேலே உள்ளது போய்விடும், அடியில் உள்ளது நிற்கும், ஆய்வுக்கு அனுப்ப எதுவும் இருக்காது.

அறிக்கையைத் தவறாமல் போய் வாங்குங்கள். புற்று என்று வந்தால், அது தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்ற எண் அதில் இருக்கும். 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பெரும்பாலும் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்டுவதோடு சிகிச்சை முடியும். 4ஐத் தாண்டினால் பரவும் ஆபத்து மிகவும் கூடும். கால் மச்சம் மாறிக்கொண்டிருக்கும்போது அதே பக்கத்துக் கவட்டில் நெறி கட்டினால் இரண்டு கிழமை என்ற கணக்கும் பொருந்தாது. மறுநாள் காலையே போகவேண்டும்.