வேன் டைமிங் ஓகேவா?

எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் காலை நான் இப்படிப் போட்டேன்: “ஹாய், வேன் டைமிங் எல்லாருக்கும் ஓகேவா? கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.” மேலாளர் முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்து வந்த பதினொன்றும் கட்டைவிரல்தான். மாலையில் ஒரு தோழி தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, ஏழு மணி வேனைப் பிடிக்க நான் நாலரைக்கே எழுந்திருக்கணும். சார் ஓகேன்னு போட்ட பிறகு அதை எப்படிச் சொல்றது?”

எதற்காகக் கேட்கிறேன், பதிலை யார் பார்ப்பார்கள் என்று ஒன்றும் சொல்லாமல், எல்லார் முன்னாலும் கேட்டதுதான் தவறு. ஆறு கேள்விகளை ஒரு கூகுள் படிவத்தில் போட்டு, அழைப்பைத் திருத்தி எழுதினேன்:

“வணக்கம். காலை வேன் நேரத்தை ஜூலை முதல் மாற்றலாமா என்று முடிவெடுக்க, வேனில் வரும் 42 பேரின் கருத்தையும் அறிய விரும்புகிறோம். 6 கேள்விகள், போனிலேயே நிரப்பலாம், 3 நிமிடம் ஆகும். பெயரோ மின்னஞ்சலோ பதிவாகாது. விருப்பமிருந்தால் வெள்ளி மாலை 5 மணிக்குள் நிரப்பித் தாருங்கள். கிடைத்த பதில்களின் தொகுப்பைப் புதன்கிழமை இங்கே பகிர்கிறேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நன்றி.”

நோக்கத்தைச் சொல்லும் வரியில் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. பதில் எந்த முடிவுக்குப் போகிறது, எப்போது போகிறது என்று தெரிந்தால்தான் வேலைக்கு நடுவே ஒருவர் படிவத்தைத் திறப்பார்.

மூன்று நிமிடம் என்பதை அளந்துதான் எழுதினேன். கேள்விகளை முன்பு பார்த்திராத மூன்று பேரிடம் படிவத்தை அனுப்பி நேரம் பார்த்தேன். மெதுவாக முடித்தவருக்கு ஆன நேரம் அது. குறைத்துச் சொன்னால் நிறையப் பேர் வருவார்களே என்று தோன்றும். 2001இல் வெளியான ஓர் இணையக் கணக்கெடுப்பு ஆய்வில், மிக் கூப்பரும் சக ஆய்வாளர்களும் மாணவர்களில் சிலரிடம் 8 முதல் 10 நிமிடம் என்றும், சிலரிடம் 20 நிமிடம் என்றும் சொன்னார்கள். குறைந்த நேரம் கேட்டவர்கள் அதிகமாகத் தொடங்கினார்கள். நடுவில் விட்டுப் போனதும் அவர்களில்தான் அதிகம்.

பெயர் பதிவாகாது என்ற வாக்குறுதிக்குப் படிவமும் ஒத்துழைக்க வேண்டும். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்தேன். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். மின்னஞ்சல் நமக்கு வராது என்றாலும், அந்தத் திரையைக் கண்டதும் சந்தேகம் வந்துவிடும் என்பதால் அதையும் விட்டேன். ‘எந்த நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள்?’ என்ற கேள்வியை மட்டும் கடைசி நேரத்தில் நீக்க வேண்டியிருந்தது. அந்தத் தோழியின் நிறுத்தத்தில் ஏறுவது அவள் ஒருத்திதான். அதற்குப் பதிலாக, வேனைப் பிடிக்க எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.