கேள்விப்பத்திர அலுவலரின் சுயவிபரக் கோவை



சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு தாள்களுடன் என்னிடம் வந்தார். ஒன்று, பத்திரிகையில் வெளிவந்த பதவி விளம்பரம். மற்றது, அவரது சுயவிபரக் கோவை. கொழும்பில் மின்சாதனங்கள் வழங்கும் ஒரு கம்பனியில் ஐந்தாண்டுகளாகப் பணியாற்றுபவர் அவர். டெண்டர் என நாம் வழக்கிற் கூறும் கேள்விப்பத்திரங்களை நிரப்பி, விலை கணித்து, குறித்த வேளைக்குள் சேர்ப்பிப்பதே அவரது தொழில். விளம்பரம் வேண்டியவை மூன்று: முன்மொழிவு எழுதும் ஆற்றல், கிரயக் கணிப்பு, கெடு தவறாத ஆவணச் சமர்ப்பணம். இதே கோவையை ஆறு இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்பேனும் வரவில்லை என வருந்தினார்.

கோவையைப் படித்தேன். “கேள்விப்பத்திர வேலைகள் அனைத்துக்கும் பொறுப்பு, பல கேள்விப்பத்திரங்களை வென்றுள்ளேன்” என்றிருந்தது. இவ்விரு தொடர்களுமே குறையுடையன. முதலாவது, அவர் செய்ததைக் கூறவில்லை. இரண்டாவது, அவருக்குரியதல்லாத புகழைக் கூறுகின்றது. இறுதி விலையை நிச்சயிப்பவர்கள் பணிப்பாளர்கள். வெற்றி, போட்டியாளர் குறிக்கும் விலையையும் பொறுத்தது. அலுவலரின் கையில் உள்ளது வேறொன்று. விலைகளை ஒப்பிடுமுன்னரே ஆவணக் குறையால் ஒரு கேள்விப்பத்திரம் தள்ளப்படாமற் காப்பதே அது.

எனவே, பதிவேட்டைப் பார்த்து எண்ணி வருமாறு சொன்னேன். ஐந்தாண்டுகளில் அவர் சமர்ப்பித்தவை 64. கிடைத்தவை 15. ஆவணக் குறையால் நிராகரிக்கப்பட்டவை 2. இம்மூன்று எண்களையும் கோவையின் தலைப்பகுதியில் எழுதினோம். பின்னர், விளம்பரத்தின் மூன்று தேவைகளையும் அதே ஒழுங்கில் எடுத்துக்கொண்டோம்.

முன்மொழிவில், தொழில்நுட்ப விபரங்களை எழுதுபவர் பொறியியலாளர். வேலைத்திட்டத்தையும் கம்பனியின் முன்னனுபவத்தையும் எழுதி, கேட்கப்பட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் விடை எப்பக்கத்தில் உள்ளதென அட்டவணை அமைப்பவர் இவர். அவ்வளவையே எழுதினோம்.

கிரயக் கணிப்பில், இறக்குமதி விலை, கப்பற் கட்டணம், சுங்கவரி, உள்ளூர்ப் போக்குவரத்து, பொருத்துகூலி ஆகியவற்றைத் திரட்டிக் கூட்டுபவர் இவர். இலாப வீதத்தை இடுபவர் முகாமையாளர். அதனையும் மறைக்கவில்லை. ஆயினும், அவர் சொல்ல மறந்த ஒரு செயல் இருந்தது. ஒருமுறை 48 மின்விசிறிகளுக்கு அலகு விலை 12,500 ரூபா, மொத்தம் 600,000 ரூபா என இருக்கவேண்டிய இடத்தில், அலகு விலை 11,500 எனத் தட்டெழுதப்பட்டிருந்தது. அலகு விலையும் மொத்தமும் முரண்படின் அலகு விலையே கொள்ளப்படும் என்பது கேள்விப்பத்திரங்களின் பொது விதி. மொத்தம் 552,000 எனத் திருத்தப்பட்டு, கம்பனி 48,000 ரூபாவை இழந்திருக்கும். உறையை ஒட்டுமுன் அதைக் கண்டவர் இவர். அது கோவையில் ஒரு வரியாயிற்று. ஆனால், கம்பனியின் இலாப வீதத்தையோ போட்டியாளரின் விலைகளையோ எழுதவேண்டாமென்றேன். இன்றைய தொழில்வழங்குநரின் இரகசியத்தை வெளியிடுபவரை நாளையவர் நம்பமாட்டார்.

மூன்றாவது தேவையிலேதான் அவர் தயங்கினார். நிராகரிக்கப்பட்ட இரண்டில் ஒன்று, போக்குவரத்து நெரிசலால் சில நிமிடம் பிந்திச் சென்று, திறக்கப்படாமலே திரும்பியது. மற்றதன் கதை நுட்பமானது. கேள்விப்பத்திரம் 90 நாள் செல்லுபடியாகவேண்டும். வங்கிப் பிணை அதற்குமேல் 28 நாள், அதாவது முடிவுத் திகதியிலிருந்து 118 நாள் செல்லவேண்டும். இடையில் முடிவுத் திகதி 7 நாள் பின்தள்ளப்பட்டது. பிணையில் பழைய திகதியே நின்றது. ஏழு நாட் குறைவினால் ஐந்து வார உழைப்பு வீணாயிற்று.

“இதையும் எழுதுவதா, ஐயா?” என்று கேட்டார்.

எண்ணை எழுதியாகிவிட்டது, அதன்பின் செய்ததையும் எழுதும் என்றேன். அதன்பின் அவர் முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் நாட்குறிப்பொன்றை அமைத்திருந்தார். ஐந்து நாள் முன்னர் பிணை கைக்கு வரவேண்டும். இரண்டு நாள் முன்னர் மூலப்பிரதியும் நகலும் பக்கம் பக்கமாக ஒப்பிடப்படவேண்டும். முதல் நாளே உறை பெட்டியிற் சேரவேண்டும். திருத்த அறிவித்தல் வந்தால் முதலிற் பார்க்கவேண்டியது பிணையின் திகதி. இம்முறை தொடங்கியபின் சமர்ப்பித்த 31இல் ஒன்றேனும் ஆவணக் குறையால் தள்ளப்படவில்லை. இவ்வரியே கோவையில் மிக வலியதாயிற்று.

மூன்று பக்கக் கோவை ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. விளம்பரம் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னரே அதனை அனுப்பினார். கெடு தவறாதவரைத் தேடுபவர்கள் விண்ணப்பம் வந்த நாளையும் பார்ப்பார்கள் அல்லவா?

நேர்முகத்திற்கு அழைப்பு வந்தது. முதலிற் கேட்கப்பட்டது அந்த இரண்டு நிராகரிப்புகளைப் பற்றித்தானாம். ஏழு நாட் கதையை உள்ளபடியே சொன்னதாகக் கூறினார். முடிவு இன்னும் வரவில்லை.