'சீக்கிரம் முடித்து அனுப்பவும்' என்றால் எப்போது?

திருப்பூரில் நடுத்தரப் பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-2பி ஜூலை 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். மாதந்தோறும் ரிட்டர்ன் போடுகிறவர்கள் 20-ஆம் தேதிக்குள் 3பி போட்டாக வேண்டும். அதற்குள் டாலியில் ஏற்றிய கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். 2பி-யில் வராத பில்லுக்குக் கட்டிய வரியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது.

கணக்கு மேலாளர் உதவியாளருக்கு ஒரு வரியில் மெயில் போடுகிறார்: "ஜூன் 2பி-யை டாலியோடு மேட்ச் செய்து சீக்கிரம் அனுப்பவும்."

மேலாளருக்கு இது போதும் என்றுதான் தோன்றும், அந்த வேலை அவருக்குப் பழக்கம். உதவியாளரோ 18-ஆம் தேதி மாலை இரண்டு கூட்டுத்தொகைகளையும் வித்தியாசத்தையும் மட்டும் அனுப்புகிறார். எந்த சப்ளையரின் பில் விடுபட்டது என்று அதில் இல்லை. போதாக்குறைக்கு, தொகை ஒத்துவராத இடங்களில் டாலி பதிவையே 2பி-க்கு ஏற்ப மாற்றி வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேட்ச் செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டார்.

அதே வேலையை இப்படிக் கொடுத்திருக்கலாம்:

"வணக்கம் தம்பி,

ஜூன் 2பி-யையும் டாலி கொள்முதல் பதிவையும் பில் வாரியாக ஒப்பிட்டு ஒரு எக்செல் ஃபைல் வேண்டும். மூன்று ஷீட்: டாலியில் உண்டு, 2பி-யில் இல்லை, 2பி-யில் உண்டு, டாலியில் இல்லை, இரண்டிலும் உண்டு, தொகை வேறு. ஒவ்வொன்றிலும் சப்ளையர் பெயர், ஜிஎஸ்டிஐஎன், பில் எண், தேதி, வரித்தொகை இருக்கட்டும்.

16-ஆம் தேதி வியாழன் மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள். விடுபட்ட பில்களைப் பற்றி 17-ஆம் தேதி சப்ளையர்களிடம் நான் பேச வேண்டும்.

டாலியில் எதையும் திருத்த வேண்டாம். தளத்தில் ஐஎம்எஸ் பக்கத்தில் ஏற்பு, நிராகரிப்பு எதையும் அழுத்த வேண்டாம். ஒரு ரூபாய்க்கு உட்பட்ட வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

சிறு சந்தேகங்களை உங்களுக்குச் சரியென்று படுகிறபடி முடித்து, குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்தாலோ, ஜிஎஸ்டிஐஎன் தவறாக இருந்தாலோ உடனே போனில் கூப்பிடுங்கள். மற்ற கேள்விகளை 15-ஆம் தேதி மதியத்துக்குள் ஒரே மெயிலில் அனுப்பினால் மாலைக்குள் பதில் தருகிறேன்."

முதல் பத்தியைப் படித்ததுமே கடைசியில் கைக்கு என்ன வர வேண்டும் என்பது உதவியாளருக்குத் தெரிந்துவிடும். வேலையின் பெயரை மட்டும் சொன்னால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மூன்று ஷீட்டும் நிரம்பியதா என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம்.

கெடுவோடு காரணத்தையும் எழுதியதற்குப் பலன் உண்டு. 17-ஆம் தேதி சப்ளையர்களிடம் பேசத்தான் இந்த ஃபைல் என்று தெரிந்தால், நேரம் போதாத நிலையில் விடுபட்ட பில்கள் உள்ள முதல் ஷீட்டையாவது முன்கூட்டி அனுப்பத் தோன்றும். மேலாளர் 20-ஆம் தேதியைக் கெடுவாக வைக்காததையும் கவனியுங்கள். தன் வேலைக்கான நாட்களைக் கழித்துவிட்டுத்தான் தேதி சொல்லியிருக்கிறார்.

தடைகளை எழுதும்போது, செய்தால் திருப்பிச் சரிசெய்யக் கடினமானவற்றை முதலில் எழுத வேண்டும். ஐஎம்எஸ்-இல் நிராகரித்த பில் 2பி வரவிலிருந்து விலகிவிடும். டாலியில் திருத்திவிட்டாலோ பழைய தொகையைத் தேடிப் பிடித்து மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

அதிகம் விடுபடுவது கேள்வி கேட்கும் வழிதான். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று முடித்தால், புதியவர் ஒன்று கேட்கத் தயங்குவார், இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்பார். பில்லில் INV/045 என்றும் 2பி-யில் 45 என்றும் இருக்கிறது, மற்றதெல்லாம் ஒத்துப்போகிறது என்றால் அவரே ஒன்றெனக் கொண்டு குறிப்பெழுதலாம். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருப்பது அப்படியல்ல, வரியை இருமுறை கழித்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. இந்த எல்லையை வேலை கொடுக்கிறவர்தான் வரைய வேண்டும்.

பதிலாக "சரி சார்" என்று மட்டும் வந்தால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை, எப்போது தரப்போகிறார் என்று இரண்டு வரியில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் பத்துப் பில்களை முடித்ததும் ஃபைலை ஒருமுறை வாங்கிப் பார்த்தால், தவறான கட்டம் போட்டிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இவ்வளவு நீளம் எல்லா வேலைக்கும் தேவையில்லை. பழகியவருக்கு மாதாமாதம் செய்யும் வேலை என்றால் தேதி மட்டும் போதும். புதியவருக்கு, அல்லது தவறினால் பணம் போகும் வேலைக்கு, இந்த மெயிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்ட கேள்விகளின் பதிலையும் அதிலேயே சேர்த்துவிட்டால், அடுத்த மாதம் தேதிகளை மாற்றி அனுப்பலாம்.