பாட்டி என்றாளா, என்றாலா?

தூங்கப்போகும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிற கதையில் பாதி பேச்சாகவே இருக்கும். பிழை திருத்துகிறவர் முதலில் கண்ணை ஓட்ட வேண்டியது அந்தப் பேச்சு முடிகிற இடத்தில்தான். ‘என்றது’, ‘என்றாள்’, ‘என்று கேட்டது’ எல்லாம் வரிசைகட்டி நிற்பது அங்கே. பிழைகளும் அங்கேதான் கூடு கட்டுகின்றன.

ஒரு கதை இப்படி எழுதப்பட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

நிலா பாட்டி ஏன் என் பின்னாலேயே வருகிறாய் என்றுக் கேட்டது முயல்குட்டி. நான் வரவில்லை கண்ணா உனக்கு வெலிச்சம் காட்டுகிறேன் என்றால் பாட்டி.

‘வெலிச்சம்’ யார் கண்ணிலும் படும். கணினியின் பிழைதிருத்தியும் பிடித்துவிடும். ‘என்றால்’ அப்படியல்ல. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்லாயிற்றே, தனியாகப் பார்த்தால் பிழையே தெரியாது. ஆங்கில எழுத்துவழித் தட்டச்சு பலவற்றில் லகரமும் ளகரமும் ஒரே விசையில் இருப்பதால், ஷிப்ட்டை அழுத்த மறந்தாலே இது நேர்ந்துவிடும்.

‘என்றுக்’ வேறு ரகம். ஒற்று போட்டால்தான் சரி என்ற பயத்தில் விழுகிற எழுத்து. ‘படித்து’, ‘கேட்டு’ போல ஈற்றுக்கு முன் வல்லின மெய் நின்றால் ஒற்று மிகும்: படித்துக் காட்டினாள், கேட்டுச் சிரித்தது. ‘என்று’, ‘வந்து’ போல மெல்லின மெய் நின்றால் மிகாது. கதை முழுக்க ‘என்று’ வருவதால் இந்த ஒரு தவறு பக்கத்துக்குப் பக்கம் தொடரும். ‘நிலாப் பாட்டி’க்கோ ஒற்று வேண்டும்.

இனி நிறுத்தக்குறிகள். திருத்திய வடிவம் இது:

“நிலாப் பாட்டி, ஏன் என் பின்னாலேயே வருகிறாய்?” என்று கேட்டது முயல்குட்டி.

“நான் வரவில்லை, கண்ணா. உனக்கு வெளிச்சம் காட்டுகிறேன்” என்றாள் பாட்டி.

விளிக்குப் பின் காற்புள்ளி வருகிறது. கேள்விக்குறி மேற்கோளுக்குள்ளேயே நிற்கிறது. அதன்பின் இன்னொரு காற்புள்ளி தேவையில்லை. ‘காட்டுகிறேன்’ என்பதன் பின் சிலர் காற்புள்ளி இடுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். எதுவானாலும் புத்தகம் முழுக்க ஒன்றாக இருந்தால் சரி.

ஆள் மாறினால் வரியும் மாறட்டும். பேசியவர் பெயர் கடைசியில் வருவதால், படிக்கிற அம்மா அதற்குள் முயலின் பேச்சைப் பாட்டி குரலில் பாதி பேசியிருப்பார். நீளமான பேச்சு என்றால் ‘முயல்குட்டி,’ என்று பெயரை முன்னால் வைத்துவிடுவது நல்லது.

‘தனக்குத் தூக்கம் வரவில்லை என்று முயல்குட்டி சொன்னது’ என்பதற்கு மேற்கோள் குறி கூடாது. குறி வேண்டுமானால் ‘தனக்கு’ என்பது ‘எனக்கு’ ஆக வேண்டும்.

சிலவற்றைத் தொடாமலும் இருக்க வேண்டும். “தூக்கம் வரலை பாட்டி” என்று குட்டி சொன்னால் அது பிழையல்ல, பேச்சு. ‘ஒரு ஊரிலே’ என்று தொடங்கும் கதையை இலக்கணம் பார்த்து ‘ஓர் ஊரிலே’ ஆக்குகிறவர்களும் உண்டு. கதை சொல்கிற எந்தப் பாட்டியும் அப்படித் தொடங்குவதில்லை. நான் அதை விட்டுவிடுவேன்.