காலையில் முதல் அரை லிட்டர்: டேப்பில் இருந்து வரும் காரீயம்

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, இதெல்லாம் வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். நான் இங்கே பேசப் போவது காரீயம், அதாவது லெட். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் "எங்க பாட்டி காலத்துல இருந்தே ஈயத்துலதான் சமைக்கிறோம், என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் நிறைய. வெள்ளீயத்துக்கு அந்தக் கேள்வி சரி. காரீயத்துக்குச் சரியில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது தங்கச்சியால். போன வருஷம் கைக்குழந்தையோடு எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சில மாதம் தங்கினாள். குழந்தைக்குப் புட்டிப்பால். காலை ஐந்தரைக்கு எழுந்து, சமையலறை டேப்பைத் திறந்து, முதலில் வருகிற தண்ணீரைப் பிடித்து, கொதிக்க வைத்து, ஆறவைத்துப் பவுடரைக் கலப்பாள். ஒருநாள் "அண்ணா, இந்த டேப் எத்தனை வருஷத்துது? உள்ள பார்த்தா கறுப்பா இருக்கு" என்றாள். முப்பது வருஷத்துக்கு முந்தின பித்தளை டேப் அது. கிருமிக்குத்தான் கொதிக்க வைக்கிறோமே என்று சொல்லிவிட்டேன். அன்று இரவுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காரீயம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தெருக் குழாயில் இருந்து வீட்டுக்கு வரும் பைப்பே பல இடங்களில் முழுக்கக் காரீயத்தால் ஆனது. நம்ம ஊர் வீடுகளில் அதை அநேகமாகப் பார்க்க முடியாது. இங்கே காரீயம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது.

ஒன்று, பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை என்று பள்ளியில் படித்தோம். ஆனால் லேத்தில் சுலபமாகக் கடைய வேண்டும் என்பதற்காக அதில் கொஞ்சம் காரீயமும் சேர்ப்பார்கள். இரண்டு, மூன்று சதவீதம் சாதாரணம். வெளியே பளபளக்கிற குரோம் பூச்சு வெளியே மட்டும்தான், தண்ணீர் தொடுகிற உட்பக்கம் வெறும் பித்தளை. டேப் மட்டுமல்ல, சிங்க்குக்குக் கீழே இருக்கிற ஆங்கிள் காக், சுவருக்குள் இருக்கிற வால்வு எல்லாமே இதில் அடக்கம்.

இரண்டு, பி.வி.சி பைப். பி.வி.சியை உருக்கி வார்க்கும்போது சூட்டில் கருகாமல் இருக்க ஒரு பொருள் சேர்க்க வேண்டும். இந்தியாவில் வெகுகாலம் காரீயச் சேர்மங்களைத்தான் சேர்த்தார்கள். இதைக் கைவிட வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன் பதித்த பைப்புகள் சுவருக்குள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு ஆறுதல், இந்தக் கசிவு பைப் புதிதாக இருக்கும்போது அதிகம், போகப் போகக் குறையும்.

மூன்று, பழைய ஜி.ஐ. பைப். இரும்பின் மேல் பூசுகிற துத்தநாகத்தில் காரீயமும் காட்மியமும் அசுத்தமாகக் கலந்திருக்கும். துத்தநாகம் தேய்ந்து துரு ஏறியபின், அந்தத் துரு வழியில் வருகிற காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதாவது துகளாக உதிர்க்கும்.

ஏன் காலைத் தண்ணீர்?

ஓடுகிற தண்ணீர் உலோகத்தை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போகிறது. ராத்திரி முழுக்க நிற்கிற தண்ணீரோ எட்டு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு கரையும் என்பது தண்ணீரின் குணத்தைப் பொறுத்தது. லேசாகப் புளித்த, உப்பு குறைந்த மென்மையான நீர் அதிகம் கரைக்கும். ஆகவே நேரடி மழைநீரும் ஆர்.ஓ. நீரும் பித்தளை வழியாக வருவது நல்லதல்ல. சூடும் கரைப்பதைக் கூட்டும். கீசர் தண்ணீரை எடுத்துச் சமைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தண்ணீரின் குணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் சாட்சி. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள். பைப்பின் உள்ளே பாதுகாப்புப் படலம் நிலைக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. வருஷக்கணக்கில் அமைதியாகக் கிடந்த அதே பைப்புகள் காரீயத்தைக் கக்க ஆரம்பித்தன. பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் முன் டேப்பைச் சில நிமிடம் திறந்துவிடச் சொல்லி மக்களுக்கு அறிவுறுத்தியதும் பிறகு பெரிய சர்ச்சையானது. அப்படிச் செய்தால் நின்ற தண்ணீர் போய்விடும், முடிவு அழகாக வரும்.

நான் செய்த பரிசோதனை

காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, அளவு குறைவாக இருந்தால் ருசியும் இல்லை. துருவானால் பழுப்புக் கறை, செம்பு கரைந்தால் சிங்க்கில் பச்சை நீலக் கறை என்று கண்ணுக்குத் தெரியும். காரீயத்துக்கு ஆய்வகம்தான் வழி.

ஆய்வகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, "காரீயத்தை எவ்வளவு குறைவு வரை உங்களால் அளக்க முடியும்?" இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம் தான் எல்லை. நான் முதலில் விசாரித்த இடத்தில் 0.05-க்குக் கீழே அளக்க முடியாது என்றார்கள். அங்கே கொடுத்திருந்தால் "கண்டறியப்படவில்லை" என்று தாள் வந்திருக்கும், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எல்லையைவிட ஐந்து மடங்கு இருந்தாலும் அந்தத் தாள் அப்படித்தான் சொல்லும்! 0.001 வரை அளக்கிற அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்தில் மூன்று பாட்டில் வாங்கி வந்தேன்.

இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டில் யாரும் எந்த டேப்பையும் திறக்கவில்லை. காலை ஆறு மணிக்கு முதலில் வந்த 250 மில்லியை முதல் பாட்டிலில் பிடித்தேன். டேப்பை மூடாமல் அடுத்த 250 மில்லி இரண்டாவது பாட்டிலில். இரண்டு நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது. வந்த முடிவு, லிட்டருக்கு மைக்ரோகிராமில்: 26, 11, 3.

இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் படித்தால் கதை தெரியும். அரை இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் 180 மில்லி தண்ணீர் நிற்கும். ஆக முதல் பாட்டில் என்பது டேப்பும் அதை ஒட்டிய ஒரு மீட்டர் பைப்பும். இரண்டாவது அதற்கு அடுத்த ஒன்றரை மீட்டர். மூன்றாவது மாடித் தொட்டியில் இருந்து வருகிற தண்ணீர். தொட்டி நீர் பரவாயில்லை, பைப்பில் கொஞ்சம் ஏறுகிறது, டேப்பில்தான் எகிறுகிறது. ஒருவேளை மூன்றாவதும் அதிகமாக இருந்திருந்தால் டேப்பை மாற்றிப் பயனில்லை, தொட்டியையும் அதற்கு முந்தின வழியையும் பார்க்க வேண்டியிருக்கும்.

26 பெரிய எண்ணா? பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் காரீயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும், வளரும் மூளையை அது பாதிக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தண்ணீர்தான் முழுச் சாப்பாடே.

கொதிக்க வைப்பதும் உதவாது. கிருமி சாகும், உலோகம் ஆவியாகாது. ஒரு லிட்டர் கொதித்து 800 மில்லியாகச் சுண்டினால் 26 என்பது 32 ஆகும். நல்லது என்று நினைத்துச் செய்தது கொஞ்சம் கெடுதலே செய்திருக்கிறது.

என்ன செய்தோம்?

முதலில், காசில்லாத வழி. தொட்டியில் இருந்து சமையலறை வரை பைப்பை அளந்தேன். முக்கால் இஞ்ச் 9 மீட்டர், மீட்டருக்கு 310 மில்லி வீதம் சுமார் 2.8 லிட்டர். அரை இஞ்ச் 4 மீட்டர், 0.7 லிட்டர். மொத்தம் மூன்றரை லிட்டர். கால் குடம்கூட இல்லை! எங்கள் டேப்பில் ஒரு லிட்டர் நிரம்ப 12 விநாடி ஆகிறது, எனவே முக்கால் நிமிடம் திறந்துவிட்டால் நின்ற தண்ணீர் வெளியேறும். வசதியாக ஒரு வாளி பிடித்துச் செடிக்கும் வீடு துடைக்கவும் வைத்துக்கொள்கிறோம். யாராவது முதலில் குளித்துவிட்டால் பெரிய பைப் காலியாகிவிடும், சமையலறைக் கிளையில் இருக்கிற முக்கால் லிட்டரை மட்டும் விட்டால் போதும். குடிக்கிற தண்ணீரை அதன்பிறகு பிடித்து எவர்சில்வர் குடத்தில் வைத்துவிட்டால் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் திறந்துவிட வேண்டியதில்லை.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. துரு பிடித்த ஜி.ஐ. பைப்பில் இருந்து துகள் உதிர்ந்தால், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். டேப் நுனியில் வலை இருந்தால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். துகள் அங்கேதான் சேரும்.

இரண்டாவது, டேப்பை மாற்றினோம். பிளம்பர், "பித்தளை மாதிரி உழைக்காது சார், எதுக்கு மாத்துறீங்க?" என்று தயங்கினார். உழைப்பு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனாலும் சமையலறைக்கு மட்டும் எவர்சில்வர் டேப்பும், கீழே பிளாஸ்டிக் ஆங்கிள் காக்கும் போடச் சொன்னேன். குளியலறைப் பித்தளையைத் தொடவில்லை, குளிப்பதால் காரீயம் தோலுக்குள் போகாது. புதிதாகப் பித்தளை டேப் வாங்கி மாட்டியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்காது. புதுப் பித்தளையும் ஆரம்பத்தில் நிறையவே கசியும்.

மூன்றாவது வழி ஃபில்டர். கேண்டில் ஃபில்டரும் யு.வி.யும் கரைந்த காரீயத்தை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். கரி ஃபில்டர் என்றால் காரீயத்துக்கென்று என்.எஸ்.எஃப். 53 சான்று இருக்க வேண்டும், கெட்டியை மாற்ற வேண்டிய தேதியில் மாற்றவும் வேண்டும். வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாதவர்களுக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றது.

ஒரு மாதம் கழித்து மறுபடி அதே மாதிரி மூன்று பாட்டில் பிடித்தேன். 8, 7, 3. பைப்பில் இருந்து வருகிற பங்கு அப்படியே இருக்கிறது, டேப்பின் பங்கு போய்விட்டது. எல்லைக்குள் வந்துவிட்டது என்றாலும் தங்கச்சி இன்னும் முதல் வாளியைச் செடிக்குத்தான் ஊற்றுகிறாள். அவள் வீட்டுக்குப் போனபிறகு அங்கேயும் மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறாள். அது புது அபார்ட்மென்ட், புது பைப், புதுப் பித்தளை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.