சொல்லிவிட்டுப் போதல்

உளவளத்துணை அமர்வுகள் எப்போது முடியும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் அடிப்படைப் பாடம். அது ஏன் என்பதை எனக்கு உண்மையில் விளங்கப்படுத்தியவர் வன்னியைச் சேர்ந்த ஒரு தாய். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கடைசியாகக் கண்டவர் அவர். பன்னிரண்டு அமர்வுகள் என்று தொடக்கத்திலேயே பேசியிருந்தோம். ஒன்பதாவதில், "அம்மா, இன்னும் மூண்டு தரம்தான் இருக்கு" என்று நினைவூட்டினேன். "அதுக்கென்ன பிள்ளை" என்றார். ஆனால் அடுத்த கிழமை வந்தபோது, குறைந்திருந்த நெஞ்சுப் படபடப்பும் நித்திரையின்மையும் திரும்பியிருந்தன.

இப்படி நடப்பது வழமை. பிரிவு நெருங்கும்போது பழைய பயம் பழைய வழியாலேயே உடலுக்குள் வரும். இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. அதைப் பற்றியே வெளிப்படையாகப் பேசினால் பெரும்பாலும் தணியும். தணியாமல் சாப்பாடும் நின்று, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் முடிவுத் திகதியைத் தள்ளிவைத்து, உளநல வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

பதினோராவது அமர்வுக்கு அம்மா வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன், தலையிடி என்றார். அடுத்த கிழமை வந்து கனநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "என்னை விட்டுப் போன ஒருத்தரும் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகேல்லை. நீங்கள்தான் நாள் குறிச்சுச் சொல்லுறியள்."

எனக்குச் சுட்டது. முன்பு ஒரு திட்டத்துக்கான நிதி திடீரென நின்றபோது, சிலரிடம் விடைபெறாமலே நான் வந்திருக்கிறேன். அவர்களுக்கு நானும் சொல்லாமல் போனவர்களில் ஒருத்தி.

தவறிய அமர்வையும் சேர்த்து இன்னும் இரண்டு முறை சந்தித்தோம். கடைசி நாளில் முதல் நாளைப் பற்றிப் பேசினோம். அப்போது இரவில் இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை, இப்போது ஐந்து. திரும்பவும் சறுக்கத் தொடங்கினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்கெண்டு உலை வைக்கிறதை விட்டிடுவன்" என்றார். அப்படியானால் யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம், பிறகு ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில். இரவென்றால் 1926க்கு அழைக்கலாம். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தின் பின் ஒருமுறை பார்ப்பதென்றும் நாள் குறித்தோம்.

பிறகுதான் உள்ளே கிடந்த கேள்வி வந்தது. "இது முடிஞ்சால், அவனைத் தேடுறதையும் நான் விடவேணுமோ?"

இல்லை என்றேன். முடிவது எங்கள் சந்திப்புகள் மட்டுமே. மகனைத் தேடுவதும் அவனுக்காகக் காத்திருப்பதும் அவருடையவை. அவற்றை முடித்துவைக்க எனக்கு உரிமையில்லை.

பையிலிருந்து ஒரு சரை பயத்தம் பணியாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய பரிசுகளை நாங்கள் வாங்குவதில்லை, இதை வாங்கினேன். எழும்பி வாசல்வரை போய்த் திரும்பி, "அப்ப போட்டு வாறன் பிள்ளை" என்றார்.


"ஓம் அம்மா, போட்டு வாங்கோ."