பருப்பும் முட்டையும் சமமா? தட்டில் உள்ள புரதமும் உடலில் சேரும் புரதமும்

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் முட்டை வழங்க வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: 100 கிராம் முட்டையில் 13 கிராம் புரதம், 100 கிராம் பருப்பில் 22 கிராம். பிறகு முட்டை எதற்கு? 2015ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் முன்மொழிவை அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் ஏற்க மறுத்தபோதும் இத்தகைய ஒப்பீடு பேசப்பட்டது. கேட்பதற்குக் கணக்கு சரியாகத் தோன்றும். ஆனால் அது எதை எண்ணவில்லை என்பதே நம் கேள்வி.

முதலாவது, 22 கிராம் என்பது உலர்ந்த பருப்பின் அளவு. வெந்ததும் நீர் ஏறி எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அப்போது 100 கிராமில் ஏழு கிராம் புரதம்தான் மிஞ்சும். இரண்டாவதும் முக்கியமானதுமான குறை, எல்லாப் புரதமும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு மறைப்பது.

உணவுப் புரதத்தை உடல் அமினோ அமிலங்களாகச் சிதைத்தே பயன்படுத்துகிறது. அவற்றுள் ஒன்பதை உடலால் உருவாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஒன்பதில் எது தேவையை விட மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே முழுப் புரதத்தின் பயனையும் கட்டுப்படுத்துகிறது. அரிசிக்கும் கோதுமைக்கும் அந்தக் குறை லைசின்.

இக்குறையை அளக்கவே புரதத் தர மதிப்பெண்கள் வந்தன. 1991இல் வெளியான ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை முன்வைத்த பி.டி.சி.ஏ.ஏ.எஸ். என்ற முறை, உண்ட புரதத்திலிருந்து மலத்தில் வெளியேறியதைக் கழித்துச் செரிமானத்தைக் கணக்கிட்டது. ஆனால் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செரிக்காத புரதத்தைத் தின்றுவிடுகின்றன. உடலுக்குச் சேராததும் சேர்ந்ததாகக் கணக்கில் ஏறியது. எனவே உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் டி.ஐ.ஏ.ஏ.எஸ். என்ற முறையைப் பரிந்துரைத்தது. இது சிறுகுடலின் முடிவிலேயே, ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் தனித்தனியாக அளக்கிறது.

பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை இந்தியர்களிடமே அளந்தனர். கனநீர் ஊற்றி வளர்த்த பயறு போன்ற, அடையாளமிடப்பட்ட உணவுகளை உண்ணச் செய்து, அவற்றின் அமினோ அமிலங்கள் இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தன எனக் கண்டனர். அவித்த முட்டையில் ஏறத்தாழ 89 விழுக்காடு செரித்தது. முழுப் பாசிப்பயறில் 63 விழுக்காடே. தோல் நீக்கியதும் அது 71 ஆக உயர்ந்தது. பயறின் உறுதியான செல்சுவர் புரதத்தைப் பூட்டி வைக்கிறது. தோலில் உள்ள டானின் புரதத்தோடு பிணைகிறது. டிரிப்சின் தடுப்பிகள் செரிமான நொதியை முடக்குகின்றன. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் நன்கு வேகவைப்பதும் இவற்றைக் குறைக்கும், முற்றிலும் நீக்கா.

இதைச் சட்டத்தின் தட்டில் வைத்துப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மதிய உணவுக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என வகுத்தது. மதிய உணவுத் திட்டத்தின் 100 கிராம் அரிசியும் 20 கிராம் பருப்பும் அந்த 12 கிராமை எட்டிவிடுகின்றன. இரண்டிலும் சேர்ந்து சுமார் 600 மில்லிகிராம் லைசின் உண்டு. ஒரு கிராம் புரதத்துக்கு 48 மில்லிகிராம் வேண்டும் என்ற அளவுகோலின்படி தாளில் குறையே இல்லை. ஆனால் அரிசியில் 85, பருப்பில் 70 விழுக்காடு செரிப்பதாகக் கொண்டால் உடலில் சேர்வது 460 மில்லிகிராம் அளவே. தேவையில் இது நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். சாம்பார் நீர்த்துப் பருப்பு பாதியானால் இன்னும் சரியும்.

இதே தட்டில் 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையை வையுங்கள். செரிக்கும் லைசின் சுமார் 400 மில்லிகிராம் கூடி, ஏறக்குறைய இரு மடங்காகிறது. மொத்த உணவின் தரமும் 95 விழுக்காட்டை நெருங்குகிறது.

இதன் பொருள் பருப்பு பயனற்றது என்பதன்று. அரிசிக்குக் குறைவான லைசினைப் பருப்பும், பருப்புக்குக் குறைவான மெத்தியோனைனை அரிசியும் நிரப்புகின்றன. பருப்பும் பாலும் தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் தாவர உணவுக் குழந்தையும் நன்றாக வளரும். அங்கே குறைந்த மதிப்பெண்ணை அளவு ஈடுசெய்துவிடும். அந்த அளவு கிடைக்காத வீட்டில்தான் மதிப்பெண் குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. நிலமற்ற கூலித் தலித் குடும்பங்களும் பழங்குடிக் குடும்பங்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. முட்டையும் இறைச்சியும் அவர்களுக்கு அந்நிய உணவுமல்ல. அவற்றைத் தடுப்பவர் வேறு சாதியின் உணவு ஒழுக்கத்தை அரசுத் தட்டில் திணிக்கிறார்.

எனவே கோரிக்கை துல்லியமாக இருக்க வேண்டும். 12 கிராம் என்ற எண் மட்டும் போதாது. செரிக்கும் லைசின் எவ்வளவு என்பதும் விதியில் எழுதப்பட வேண்டும். முட்டைக்கு மாற்று தரப்படும் இடத்தில், அந்த மாற்றும் அதே அளவுகோலால் நிறுக்கப்பட வேண்டும். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் என்ற ஏற்பாடு அத்தராசில் நிற்காது: ஒரு பழத்தில் இருப்பது ஒரு கிராமளவு புரதமே.